ஐந்து ஸ்டார் வாங்கிய கார் எதில் மோதி அதை வாங்கியது?

ஒரு புதுக் காரைக் கேபிளில் கட்டி இழுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்து, மோதலுக்குச் சற்று முன்னால் கேபிளைக் கழற்றிவிட்டு, தரையோடு பதிந்த ஒரு பெரிய தடுப்புக் கட்டையில் மோதவிடுகிறார்கள். கட்டையின் முகப்பில் தேனடை போல அறை அறையாக இருக்கும் அலுமினியப் பாளம் ஒன்று உண்டு. எதிரே வரும் காரின் நசுங்கக்கூடிய மூக்குக்குப் பதிலாக அது. காரின் முழு அகலமும் அதில் படாது, ஓட்டுநர் பக்கம் 40 சதவீதம் மட்டுமே படும், ஏனென்றால் சாலையில் நேருக்கு நேர் மோதுகிற வண்டிகள் பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஒடித்துத் திருப்பி, ஒரு பக்கமாகத்தான் மோதிக்கொள்கின்றன.

ஐரோப்பாவில் புதுக் கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 1997 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சோதனையைத்தான் நடத்தியது. உலகின் பல நாடுகளில் இன்றும் இதுதான் அடிப்படை. பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதுவது, பாதசாரிக்கான சோதனை எல்லாம் தனித்தனியாக உண்டு. நான் முன்பக்க மோதலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஸ்டாரை மக்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

உள்ளே உட்கார்ந்திருப்பது சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடையுள்ள ஆண் உருவப் பொம்மை, டம்மி என்பார்கள். கழுத்திலும் நெஞ்சிலும் தொடையிலும் உணரிகள். மோதல் என்று நாம் சொல்கிற விஷயம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது, அதற்குள் தலை எவ்வளவு கடுமையாக நிறுத்தப்பட்டது, விலா எத்தனை மில்லிமீட்டர் உள்வாங்கியது, தொடை எலும்பில் எவ்வளவு விசை இறங்கியது என்பதெல்லாம் பதிவாகிறது. யூரோ என்கேப்பின் அந்தப் பழைய சோதனை விதிப்படி நெஞ்சு 22 மில்லிமீட்டருக்குள் அமுங்கினால் முழு மதிப்பெண், அதற்கு மேல் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். டம்மியின் முகத்திலும் முழங்காலிலும் வண்ணச் சாயம் பூசியிருப்பார்கள், எது எங்கே போய் இடித்தது என்று மோதலுக்குப் பிறகு சாயத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்புறம் வல்லுநர்கள் காரைச் சுற்றிவந்து கையாலேயே சோதிப்பார்கள். கதவு மோதலின்போது திறந்துகொண்டதா, ஸ்டியரிங் எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டது, கால் வைக்கும் தரை கிழிந்ததா, முன் கண்ணாடியைத் தாங்கும் தூண் மடங்கியதா? ஆட்கள் உட்காரும் கூடு இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தால், டம்மியின் எண்கள் நன்றாக இருந்தாலும் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் முக்கியமான வரி இதுதான். 64-ல் தாக்குப்பிடித்து 70-ல் சரிந்துவிடுகிற கூட்டையும், இன்னும் தெம்பு மிச்சமிருக்கிற கூட்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு வரி.

சரி, இப்போது எடைக்கு வருவோம். அசையாத கட்டையில் மோதும் கார் தன்னுடைய சொந்த ஆற்றலை மட்டும்தான் சமாளிக்க வேண்டும். ஆயிரம் கிலோ கார் ஆயிரம் கிலோவின் ஆற்றலை, இரண்டாயிரம் கிலோ கார் இரண்டாயிரம் கிலோவின் ஆற்றலை. அதாவது ஒவ்வொரு காரும் தன்னைப் போலவே எடையுள்ள இன்னொரு காரோடு மோதியதாகத்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். ஆகவே இரண்டுமே ஐந்து ஸ்டார் வாங்கலாம், இரண்டுமே அதற்குத் தகுதியானவையாகவும் இருக்கலாம்.

அந்த இரண்டையும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றோடொன்று சிக்கி, பெரிய கார் போன திசையிலேயே மணிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவருக்கு 50 என்பது 17 ஆகிறது, 33 கி.மீ. மட்டுமே இழக்கிறார். சின்னக் காரில் இருப்பவரோ 50-லிருந்து சுழியத்துக்கு வந்து, அதோடு நிற்காமல் 17 கி.மீ. வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறார், மொத்த மாற்றம் 67. தன் எடையுள்ள காரோடு மோதியிருந்தால் அவருக்கு அது 50 தான். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அவர் உடல் தாங்க வேண்டிய சுமை ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. அவருடைய காரின் ஐந்து ஸ்டார் பொய்யில்லை, அது இந்த மோதலைப் பற்றிப் பேசவே இல்லை.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2009-ல் ஸ்மார்ட் ஃபோர்டூ, ஹோண்டா ஃபிட், டொயோட்டா யாரிஸ் ஆகிய மூன்று சின்னக் கார்களை, அந்தந்தத் தயாரிப்பாளரின் நடுத்தரக் கார்களோடு நேருக்கு நேர் மோதவிட்டது. கட்டைச் சோதனையில் மூன்றுமே நல்ல தரம் வாங்கியவை. பெரிய காரோடு மோதியபோது மூன்றுமே மோசமான தரத்துக்கு இறங்கின. அமெரிக்க அரசின் ஸ்டார் மதிப்பீடும், முன்பக்க ஸ்டாரை ஏறக்குறைய ஒரே எடையுள்ள வண்டிகளுக்குள் மட்டும்தான் ஒப்பிடலாம் என்று சொல்லியே தருகிறது, அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

யூரோ என்கேப் 2020-ல் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. இப்போது கட்டையே 1400 கிலோ எடையுள்ள வண்டியாகி எதிரே 50 கி.மீ. வேகத்தில் வருகிறது, காரும் 50-ல் வருகிறது. ஆயிரம் கிலோ காருக்கு வேக மாற்றம் 58 ஆகிறது, இரண்டாயிரம் கிலோ காருக்கு 41. எதிர்வண்டியின் முகப்பைக் கோணல்மாணலாகக் குத்திச் சேதப்படுத்தும் காருக்கு மதிப்பெண் குறைகிறது. பெரிய வண்டி வாங்குபவர் மற்றவருக்கு என்ன செய்கிறார் என்பது முதல் முறையாகக் கணக்கில் வந்தது, எனக்கு இது பெரிய முன்னேற்றமாகப் படுகிறது.

இதனால்தான் ஸ்டாரோடு எந்த ஆண்டு என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபியட் புன்டோ 2005-ல் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து ஸ்டார் வாங்கியது. 2017-ல் யூரோ என்கேப் அதே மாடலை மறுபடி சோதித்தபோது கிடைத்தது சுழியம். பன்னிரண்டு வருடத்தில் இரும்பு மெலிந்துவிடவில்லை. 2005-ல் பெரியவர், குழந்தை, பாதசாரி என்று தனித்தனியாக ஸ்டார் கொடுத்தார்கள். 2009-க்குப் பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்டார், அதில் எந்தப் பிரிவு மிகக் குறைவோ அதுவே மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். புன்டோ 2017-ல் பெரியவர் பாதுகாப்பில் 51 சதவீதம் வாங்கியிருந்தது, விபத்தைத் தவிர்க்க உதவும் கருவிகளுக்கான பிரிவில்தான் சுழியம். அந்தச் சுழியத்தை மட்டும் பார்த்தவர் "கூடு நொறுங்கிவிட்டது" என்று நினைத்திருப்பார். ஆகவே ஸ்டாரைத் தாண்டி, பெரியவர் பாதுகாப்பு எத்தனை சதவீதம், கூடு உறுதியாக இருந்ததா, சோதித்த மாடலில் எத்தனை ஏர்பேக் இருந்தன, நான் வாங்கும் மாடலில் அத்தனை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது என் வழக்கம்.

இன்னொன்று, இந்தச் சோதனைகளில் டம்மி எப்போதும் பெல்ட் போட்டிருக்கும். நெஞ்சு அமுங்கும் அளவு, தலை ஏர்பேக்கில் போய்ப் பதியும் நேரம், எல்லாம் பெல்ட் உடலைப் பிடித்திருக்கிறது என்ற கணக்கில் அமைத்தவை. பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் கார் நின்ற பிறகும் அதே 64-ல் முன்னே வந்து முன் சீட்டின் முதுகில் மோதுவார், அந்த சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தாலும் அவரையும் சேர்த்து நசுக்குவார். அந்த நிலைமைக்கு எந்தக் காருக்கும் இதுவரை ஸ்டார் கொடுக்கப்படவில்லை.