போட்டோ போகவில்லையா? ரவுட்டரின் பின்பக்கத்தைப் போனிலேயே சொல்லிவிடலாம்

நெட் நின்றுபோய் கேபிள்காரரைக் கூப்பிட்டால், அவர் முதலில் கேட்பது "பெட்டியை முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க" என்பதுதான். எடுத்துப் போடுவீர்கள். அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம், போன் இன்னும் அதே ரவுட்டரின் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். வைஃபை இருக்கிறது, அதற்குப் பின்னால் நெட் இல்லை. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் டவர் ஒரு கோட்டில் நிற்கும்போது அதுவும் போகாது. அப்போதும் சாதாரணப் பேச்சு அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ போய்விடும். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிக்குத்தான் இடம், புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியாகக் கணக்காகும். நீளமானால் போனே அதைத் துண்டாக்கி அனுப்பிவிடும் என்பதால் சுருக்க வேண்டியதில்லை.

படம் போகாததில் பெரிய நஷ்டமும் இல்லை. ஒரு விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா என்பது படத்தில் தெரியாது. மின்னும் விளக்கு அணைந்திருக்கும் நொடியில் கேமரா பிடித்தால், அது எரியவே இல்லை என்று எதிர்ப்பக்கம் இருப்பவர் எண்ணிக்கொள்வார். கேபிள் பெட்டியை விட்டு எங்கே போகிறது என்பதும் படத்தின் ஓரத்தோடு நின்றுவிடும். பழுது பல நேரம் அந்த ஓரத்துக்கு அப்பால்தான் இருக்கிறது. அதனால் சொல்லத் தெரிந்தவர் சொல்வது படத்தைவிட மேல்.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டுக்கு ஃபைபர் வரும் பெட்டியைப் பற்றி. ஊர்க் கேபிள்காரர்கள் வழியாக இன்று அதிகம் வருவது அதுதான்.

முதலில், எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் விளக்கு வரிசை முன்னாலோ மேலேயோ இருக்கும், துளைகள் பின்னால் இருக்கும். முன்னால் இடமிருந்து வலமாகப் போகும் வரிசை, பெட்டியைத் திருப்பியதும் தலைகீழாகிவிடலாம். "இடதுபக்கம் ரெண்டாவது" என்றால் இரண்டு பேர் இரண்டு துளைகளை நினைத்துக்கொள்வார்கள். துளைக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் அப்படியே படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தெரியும்.

விளக்குகளைப் படிக்கும் முன் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். பெட்டி எழும்பும்போது எல்லா விளக்கும் தாறுமாறாக மின்னும். அந்த நேரத்தில் சொல்வது எதற்கும் உதவாது. பிறகு ஒவ்வொரு விளக்கையும் பத்து நொடி பார்த்து மூன்று விஷயம் சொன்னால் போதும்: பெயர், நிறம், நிலையா மின்னலா. எரியாத விளக்கையும் "எரியவில்லை" என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், பார்க்கவில்லையா எரியவில்லையா என்று அவருக்குத் தெரியாது.

இதில் இரண்டு விளக்குகள்தான் தீர்ப்புச் சொல்லும். பிஓஎன் என்பது எதிர்முனையில் உள்ள பெரிய கருவியோடு உங்கள் பெட்டி பேசிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கு. எல்ஓஎஸ் என்பது ஃபைபரில் ஒளி வரவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு. எல்ஓஎஸ் சிவப்பாக மின்னி, பிஓஎன் அணைந்திருந்தால் ஒளி வந்து சேரவில்லை அல்லது போதாத அளவுக்குக் குறைந்துவிட்டது. எங்கோ கம்பி அறுந்திருக்கலாம், அழுந்தியிருக்கலாம், முனை அழுக்காகியிருக்கலாம். எல்ஓஎஸ் அணைந்து பிஓஎன் மட்டும் வெகுநேரம் மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனை உங்கள் பெட்டியை ஏற்கவில்லை. அதற்குக் கம்பத்தில் ஏற வேண்டாம். அலுவலகத்தில் பெட்டியின் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிஓஎன் நிலையாக எரிந்தும் இன்டர்நெட் என்ற விளக்கு அணைந்தோ சிவப்பாகவோ இருந்தால், பெரும்பாலும் கணக்கு, ரீசார்ஜ், பாஸ்வேர்ட் சங்கதி. ஆள் ஏணியும் ஒட்டும் மெஷினும் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா, உட்கார்ந்த இடத்திலேயே முடியுமா என்பதை இந்த ஒரு வரி முடிவு செய்துவிடும்.

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து அணைந்து எரிந்தால் அது வேறு கதை. பெட்டி தானாக அணைந்து எழுகிறது. அப்போது அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றுக்கு 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் வேண்டும். கரன்ட் போய் வந்த பிறகு கை தவறி செட்டாப் பாக்ஸின் அடாப்டரைச் சொருகியிருப்பார்கள். சொருகும் முனை அதே அளவாக இருப்பதால் அழகாக உட்காரும், ஆனால் ஆம்பியர் போதாது. வைஃபையில் நாலு போன் சேர்ந்ததும் பெட்டி சுருண்டுவிடும்.

இனிக் கேபிள்கள். மின்சாரத் துளை, பொத்தான்கள், டெலிபோன் துளை இவற்றை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். லேன் துளைகளில் எந்த எண்ணில் கேபிள் இருக்கிறது, அதன் மறுமுனை எங்கே போகிறது, துளையோரத்துக் குட்டி விளக்கு எரிகிறதா என்று சொல்லுங்கள். "லேன் 1 கம்ப்யூட்டருக்கு, விளக்கு எரியுது, லேன் 2 கேமரா பெட்டிக்கு, விளக்கு இல்லை" என்றால் கேமரா பக்கத்துக் கேபிளைப் பார்த்தால் போதும், ரவுட்டரைத் தொட வேண்டாம். சோமனூர், பல்லடம் தறிக்குடோன்களில் காலியான லேன் துளைக்குள் பஞ்சு அடைந்து, கேபிளைச் சொருகும்போது தொடுமுனைகள் சரியாகச் சேராமல் போவதுண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

மிகக் கவனம் வேண்டியது ஃபைபர். பெட்டிக்கு அடியிலோ பின்னாலோ ஒரு சதுரத் துளையில், மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பி, பெரும்பாலும் பச்சைத் தலையோடு, சொருகியிருக்கும். தலையின் நிறத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பச்சைத் தலையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்தலையின் முனை நேரானது. இரண்டையும் மாற்றிச் சேர்த்தால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். கம்பி எங்கேயாவது வளையல் அளவைவிடச் சின்னதாக வளைந்திருந்தாலும் ஒளி கண்ணாடி இழையை விட்டுக் கசியலாம்.

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த ஒரு வீட்டிலிருந்து இப்படி ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணா, நெட் வருலீங்க. லைட்டெல்லாம் எரியுதுங்க."

"எல்ஓஎஸ்னு போட்டிருக்கிற லைட் என்ன கலருங்க, அக்கா?"

"செகப்புங்க. மினுக்கு மினுக்குனு விட்டுவிட்டு எரியுது. அதுக்குப் பக்கத்துல பிஓஎன் எரியுலீங்க. பவர் பச்சை, அப்படியே நிக்குது."

"பக்கத்து வூட்ல நெட் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

அக்கம்பக்கத்தில் இருப்பதால் தெருவுக்கு வரும் மெயின் கம்பி நன்றாக இருக்கிறது. பழுது இந்த வீட்டுக்குப் பிரியும் கம்பியிலோ வீட்டுக்குள்ளோதான். அடுத்த கேள்வி விளக்கைப் பற்றியது அல்ல.

"மஞ்சக் கம்பியப் பிடிச்சுக்கிட்டே போங்க, இழுக்காதீங்க. எங்க போகுது?"

"பச்சைத் தலை, பெட்டிக்கு அடியில. அங்கிருந்து பீரோவுக்குப் பின்னாடி போகுதுங்க. வெள்ளையடிச்சுட்டு நேத்துதான் பீரோவைத் தள்ளி வெச்சோம்."

பீரோவை நாலு விரல் முன்னுக்கு இழுத்து, மடிந்த இடத்தைத் தளர்த்தச் சொல்வார். இழை உடையாமல் வெறுமனே மடிந்திருந்தால் எல்ஓஎஸ் அணையும், பிஓஎன் மின்னத் தொடங்கிச் சற்று நேரத்தில் நிலையாகும். அப்படி ஆகாவிட்டால் பெரும்பாலும் உள்ளே உடைந்திருக்கும். புதுக் கம்பியோடு ஆள் வர வேண்டும், ஆனால் புது ரவுட்டர் தேவையில்லை என்று இப்போதே தெரிந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் இதே விளக்குகள் தெரிந்து, வீட்டுக்குள் கம்பி சரியாக இருந்தால், வெளியே தென்னை மட்டை விழுந்து கம்பி தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில் எத்தனை அடி என்று தோராயமாகச் சொன்னால் அளவுக்குக் கம்பி கொண்டுவருவார். மின்கம்பி மேல் சாய்ந்து கிடந்தால் மட்டும் கிட்டே போக வேண்டாம்.

நெட் இல்லாதபோதும் ரவுட்டரின் உள்பக்கம் போனில் திறக்கும். இப்போது வைஃபையை மறுபடி போட்டுக்கொண்டு, பிரௌசரில் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் முகவரியைத் தட்டுங்கள். பலவற்றில் அது `192.168.1.1`. உள்ளே ஒளியைப் பற்றிய பக்கத்தில் `RX Power` என்ற வரி இருக்கும். மைனஸ் குறியோடு ஒரு எண் வரும். -15 முதல் -25 வரை நல்லது. -27ஐ நெருங்கினால் நெட் விட்டுவிட்டு வரலாம், அதைத் தாண்டினால் நின்றும் போகலாம். மைனஸ் குறியை விட்டுவிடாமல் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், அவருக்கு எந்தப் படமும் வேண்டாம்.

பார்க்கும்போது செய்யக் கூடாதவை இரண்டு. பச்சைத் தலையைப் பிடுங்கி முனையை உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர், தெரியவில்லை என்பதற்காகக் கண்ணுக்கு நல்லது ஆகிவிடாது. முனையில் விரல் பட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி ஒளி குறையும். இன்னொன்று, ஊசித்துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் கேபிள்காரர் போட்டுவைத்த இணைப்பு விவரங்கள் அழிந்துபோகலாம். ஒரு பழுதோடு இருந்த பெட்டிக்கு இரண்டு பழுது ஆகும்.

கடைசியாகப் பெட்டியின் அடியில் இருக்கும் லேபிள். மாடலையும் சீரியல் எண்ணையும் சொல்லுங்கள். அங்கேயே அச்சடித்திருக்கும் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு படம் போனாலும் அந்த இடத்தை விரலால் மறைத்து எடுங்கள், ஏரியா குரூப்பில் போடாதீர்கள். ஃபைபர் சீரியல் பெரும்பாலும் 12 எழுத்து: முதல் நான்கு கம்பெனியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், மீதி எட்டில் எண்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் மட்டுமே வரும். அதனால் அந்த எட்டுக்குள் வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான், ஓ அல்ல. எட்டையும் பி எழுத்தையும்தான் இரண்டு முறை பார்த்து, நான்கு நான்காகப் பிரித்து மெதுவாகச் சொல்லுங்கள்.