இலைக்குப் பின்னால் இருக்கும் பறவையை வெட்டி எடுப்பது எப்படி?

கொடைக்கானலில் மாணவர்களுக்காகப் பறவை அறிமுகப் பலகை தயாரிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: “தவுட்டுப்பழச் செடியில் உட்கார்ந்திருக்கும் பழனிச் சிரிப்பானின் நல்ல படம் ஒன்று கிடைத்தது. பின்னணியை நீக்கி வெள்ளைப் பலகையில் வைக்க வேண்டும். ஆனால் ஓர் இலை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுக்கே வருகிறது, இன்னொன்று வால் நுனியை மறைக்கிறது. இலைகளை வெட்டினால் பறவையை யாரோ கடித்துவிட்ட மாதிரி இருக்கிறது. மறைந்த இடத்தை வரைந்து நிரப்பிவிடலாமா?”

இலைகளை வெட்ட வேண்டாம் என்பதே முதல் பதில். நிரப்புவதா வேண்டாமா என்பது இரண்டு இலைக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். காரணம் கணினியில் இல்லை, நம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

1981-இல் ஆல்பர்ட் பிரெக்மன் என்ற உளவியலாளர் ஓர் எளிய படத்தைக் காட்டினார். ஆங்கில ‘B’ எழுத்துகள் சிலவற்றை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி வைத்து, அவற்றின்மேல் மை கொட்டியது போல ஒரு கறையை வரைந்தார். கறை தெரியும்போது பார்ப்பவர் உடனே எழுத்துகளைப் படித்துவிடுகிறார். கறையை மட்டும் அழித்து, அது மறைத்திருந்த இடங்களை வெள்ளையாக விட்டால், எழுத்துகளின் மிச்சம் அப்படியே இருந்தும் வெறும் துண்டுகளாகத் தெரிகின்றன. இரண்டு படத்திலும் எழுத்தின் எத்தனை பகுதி தெரிகிறதோ அதில் மாற்றமே இல்லை. மறைக்கும் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் “இதற்குப் பின்னாலும் தொடர்கிறது” என்று மூளை கணக்குப் போடுகிறது. அது தெரியாவிட்டால் “இங்கேயே முடிந்துவிட்டது” என்று எடுத்துக்கொள்கிறது. ஆசிரியையின் சிரிப்பான் கடிபட்டது போலத் தெரிவதும் இதனால்தான். இலையை நீக்கியபோது, மறைந்திருந்த உடம்பை இல்லாத உடம்பாக மாற்றிவிட்டார்.

இது மனிதர்களுக்கு மட்டும் உரிய திறமையும் அல்ல. பட்டை ஒன்று பாதி மறைத்த முக்கோணத்தைப் பார்த்தே வளர்ந்த கோழிக்குஞ்சுகள், பின்னர் துண்டுபட்ட முக்கோணத்தை விட்டு முழு முக்கோணத்தை நாடியதை 1995-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதருக்குப் பின்னால் பாதி தெரியும் தாயை முழுத் தாயாகப் பார்க்க வேண்டிய தேவை குஞ்சுக்கும் உண்டு.

எது மறைக்கிறது, எது மறைகிறது என்று மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பறவையின் வயிற்றுக் கோடு இலையின் விளிம்பில் வந்து முட்டும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஒரு முச்சந்தி இருக்கும். இலையின் விளிம்பு தன் போக்கில் நேரே போகிறது. வயிற்றுக் கோடு மட்டும் பக்கத்திலிருந்து வந்து முட்டி நின்றுவிடுகிறது. நேரே போகும் கோடு முன்னால் இருப்பதற்குச் சொந்தம், முட்டி நிற்கும் கோடு பின்னால் போவதற்குச் சொந்தம். ஒரு விளிம்பை இரண்டு பொருளும் பங்கு போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இலைக்கும் இறகுக்கும் நடுவே தெரியும் கோடு முழுக்க முழுக்க இலையின் எல்லைதான். பறவைக்கு அந்த இடத்தில் எல்லையே கிடையாது. குரங்கு மூளையின் பார்வைப் புறணியில், ஒரே விளிம்பு எந்தப் பக்கத்துப் பொருளுக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ துடிக்கும் நரம்பணுக்கள் இருப்பதை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதைப் புரிந்துகொண்டால், வெட்டும்போது பலரும் செய்யும் இன்னொரு தவறும் பிடிபடும். இலையை வைத்துக்கொள்வார்கள், ஆனால் பறவையின் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை உடல் கோட்டோடு ஒட்டச் சீவிவிடுவார்கள். உடனே முச்சந்திகள் காணாமல் போய்விடும். இலை பறவைக்கு முன்னால் இருப்பதாகத் தெரியாமல், வயிற்றில் பூசிய பச்சைச் சாயம் போலத் தெரியும். இலையை வைத்துக்கொள்வதென்றால் காம்பிலிருந்து நுனிவரை முழுசாக வையுங்கள். பச்சை கண்ணை உறுத்தினால் இலையின் வடிவத்தை ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்பலாம். பிரெக்மனின் கறை செய்த வேலையை அது செய்துவிடும். அதற்கு நரம்போ நிறமோ தேவையில்லை, விளிம்பு வெளியே ஓடினால் போதும்.

செய்முறைக்கு வருவோம். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். பெரும்பாலோர் பறவையின் தெரியும் பகுதியைச் சுற்றி ஒரு கோடும், இலையைச் சுற்றி இன்னொரு கோடும் வரைகிறார்கள். ஒரே எல்லையை இரண்டு முறை வரையும்போது கை கொஞ்சம் விலகும். பிறகு வெள்ளைப் பின்னணியில் இலைக்கும் பறவைக்கும் நடுவே ஒன்றிரண்டு பிக்சல் அகல வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும். அதற்குப் பதிலாக `Paths` கருவியால் முதலில் பறவையின் முழு உருவத்தையும் வரையுங்கள், இலைக்கு அடியிலும் அனுமானமாகக் கோட்டைக் கொண்டுபோய் மூடுங்கள். அடுத்து இலையை மட்டும் துல்லியமாகத் தனிப் பாதையாக வரையுங்கள். பறவைப் பாதைக்கு `Path to Selection`, இலைப் பாதைக்கு `Subtract from Selection` கொடுத்தால் பறவையின் தெரியும் பகுதி மிஞ்சும். எல்லை ஒரு முறைதான் வரையப்பட்டது, அதுவும் அதற்குச் சொந்தமான இலையின் பெயரில். எனவே கை விலகி இடைவெளி வர வழியில்லை. இலைக்கு அடியில் வரைந்த அனுமானக் கோடும் தனியாகச் சேமிப்பில் இருக்கும், அது பின்னால் உதவும்.

பறவையின் வெளி விளிம்பில் பச்சை ஒளிவட்டம் போல ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். விளிம்புப் பிக்சல் ஒவ்வொன்றிலும் பறவையின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்திருக்கின்றன:

```
I = α·F + (1 − α)·B
```

`I` கேமரா பதிந்த நிறம், `F` பறவையின் நிறம், `B` பின்னணியின் நிறம், `α` அந்தப் பிக்சலில் பறவை பிடித்திருக்கும் பங்கு. பின்னணிப் பச்சை (60, 120, 50), விளிம்பில் பதிந்தது (105, 130, 90), பறவையின் பங்கு பாதி என்று வையுங்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால் பறவையின் நிறம் (150, 140, 130), அதாவது நெஞ்சின் சாம்பல். விளிம்பைப் பாதி ஒளிபுகும்படி மட்டும் ஆக்கி, நிறத்தைத் திருத்தாமல் விட்டால் பச்சை அப்படியே வெள்ளைமேல் வந்து உட்காரும். கையால் செய்வதென்றால், பக்கத்து இறகின் நிறத்தைத் தொட்டு எடுத்து விளிம்பில் மெல்லத் தீட்டுங்கள்.

இந்த வழிகள் எல்லாம் பறவையை ஒட்டிக் கூர்மையாகத் தெரியும் இலைக்குத்தான். கேமராவுக்கு அருகில் மங்கலாகப் படர்ந்திருக்கும் இலை வேறு ரகம். 400 மி.மீ. லென்ஸை f/5.6-இல் வைத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் சுமார் 71 மி.மீ. தவுட்டு இலையின் அகலம் அதில் பாதிகூட இருக்காது. லென்ஸ் அந்த இலையைச் சுற்றி இருபுறமும் எட்டிப் பறவையைப் பார்த்துவிடுகிறது. அதனால் அந்த இடத்தில் பறவை மறையவில்லை, பச்சைத் திரையோடு கலந்து பதிந்திருக்கிறது. அங்கே விளிம்பும் இல்லை, முச்சந்தியும் இல்லை. எங்கே கோடு போட்டு வெட்டினாலும் பொய்யான விளிம்புதான் கிடைக்கும். அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுவதே நல்லது.

இனி நிரப்பலாமா என்ற கேள்வி. முதலில் வால். வாலின் இரு கோடுகளும் இலைக்குள் நுழைகின்றன, மறுபக்கம் வெளியே வரவில்லை. கோடு எங்கே முடிந்தது என்பதற்குப் படத்தில் எந்தத் தடயமும் இல்லை. வாலை இலைக்கு அடியில் அரை அங்குலத்தில் முடித்தாலும் முழு அங்குலத்தில் முடித்தாலும் படம் ஒத்துப்போகும். எனவே நிரப்பக் கூடாது. இலை இருக்கட்டும்.

வயிற்றுக் கோடு அப்படியல்ல. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. இரு முனைகளையும் அவை போகும் திசையிலேயே நீட்டினால், திருப்பம் செங்கோணத்தைத் தாண்டாமல் மெல்ல வளைந்து சேர்ந்துகொள்கின்றன. இப்படிச் சேரும் முனைகளைத்தான் நம் பார்வையும் தானாக இணைக்கிறது என்று உளவியலாளர்கள் கெல்மனும் ஷிப்லியும் 1991-இல் எழுதினார்கள். ஆகவே உடலின் வெளிக்கோட்டைத் தைரியமாக வரையலாம்.

கோடு தெரிந்துவிட்டதால் உள்ளே இருக்கும் நிறமும் தெரிந்ததாக ஆகிவிடாது. நாம் பார்க்கும் இந்தப் பறவையில் சிக்கலே அங்குதான். பழனிச் சிரிப்பானின் நெஞ்சு கீற்றுகளோடு கூடிய சாம்பல், வயிறு செம்பழுப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் நீலகிரிச் சிரிப்பானுக்கு நெஞ்சே செம்பழுப்பு. சாம்பல் எங்கே நின்று செம்பழுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் மாணவர்கள் இந்தப் பறவையை அடையாளம் காணப் போகிறார்கள். ஆசிரியையின் இலை மறைத்திருப்பதும் அதே இடம். இலைக்குக் கீழே தெரியும் செம்பழுப்பைக் குளோன் தூரிகையால் மேலே இழுத்தால், கொடைக்கானல் பறவை ஊட்டிப் பறவையாகிவிடும். மேலே இருக்கும் சாம்பலைக் கீழே இழுத்தாலோ எங்குமே இல்லாத பறவை பிறக்கும். இணையத்தில் கிடைக்கும் படத்திலிருந்து ஒட்டுவது இன்னும் ஆபத்து. இந்தச் சிரிப்பான்களின் பெயரும் பிரிவும் பலமுறை மாறியவை, இவை இப்போது அடங்கும் மான்டெசின்க்லா என்ற பேரினமே 2017-இல்தான் வந்தது. பழைய பெயரில் ஏறிய படம் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே எடுத்த வேறு இனமாகவும் இருக்கலாம். அதன் வெண்புருவம் குட்டை, பழனிப் பறவையின் புருவம் கண்ணைத் தாண்டி நீளும்.

நம்பிக் கடன் வாங்கக்கூடியது அதே பறவையை அதே வேளையில் எடுத்த அடுத்த படத்திலிருந்து மட்டுமே. தொடர்ச்சியாக எடுத்த படங்களில், பறவை பழம் எட்ட இரண்டு அடி நகர்ந்த ஒன்று பெரும்பாலும் இருக்கும். படம் எடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். அளவைப் பொருத்தத் தலையை நம்பாதீர்கள், அது திரும்பிக்கொண்டே இருக்கும். மடித்த இறக்கையின் வளைவிலிருந்து நுனிவரை அளந்துகொள்ளுங்கள். முதல் படத்தில் 640 பிக்சல், இரண்டாவதில் 610 என்றால் இரண்டாவதை 104.9 விழுக்காடாகப் பெரிதாக்க வேண்டும். உடம்பு கேமராவை நோக்கித் திரும்பியிருந்தால் நெஞ்சின் நிற எல்லையும் நகர்ந்திருக்கும், அந்தப் படம் உதவாது. பொருந்தினால், சேமித்து வைத்த இலைப் பாதையையே தேர்வாக்கி அதற்குள் மட்டும் ஒட்டுங்கள். இலைக்கு வெளியே ஒரு பிக்சல்கூட மாறக் கூடாது.

பறவைப் பலகைகளுக்கு ஒதுக்கும் பணம் பெரும்பாலும் இரும்புச் சட்டத்துக்கும் அச்சுக்கும் போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியை, படம் எடுப்பவர் இன்னும் இரண்டு காலை சோலையில் காத்திருப்பதற்குக் கொடுத்தால் இந்த ஒட்டுவேலைக்கே இடமிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த படம் கிடைக்காவிட்டால் இரண்டு இலைகளும் பலகையில் இருக்கட்டும். நெஞ்சின் நிற எல்லையைக் காட்ட, அது தெளிவாகத் தெரியும் வேறொரு படத்தைச் சின்னதாகப் பக்கத்தில் வையுங்கள். ஒட்டியிருந்தால் படத்தின் கீழ் ஒரு வரி எழுதுங்கள்: “நெஞ்சின் கீழ்ப்பகுதி இதே பறவையின் இன்னொரு படத்திலிருந்து சேர்த்தது, வால் நுனி இலைக்குப் பின்னால் உள்ளது.”