ஆல்பத்துக்குத் தந்த முகம் பேனருக்குப் போகும்போது

கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்களில் முகம் மாற்றுவது அன்றாட வேலை. குரூப் போட்டோவில் கண் மூடிவிட்டவருக்கு, அவருடைய முகத்தையே அடுத்த ஃபிரேமிலிருந்து எடுத்து வைக்கிறோம். மறைந்துபோன அப்பாவை மணமக்கள் பக்கத்தில் நிறுத்தித் தருகிறோம். கேட்பதும் பார்ப்பதும் அந்தக் குடும்பம்தான். படம் ஒட்டுவேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே மணப்பெண்ணின் முகத்தை, ஒரு நகைக்கடை பேனருக்காக இன்னொரு மாடலின் உடலில் பொருத்தச் சொல்லி ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். போட்டோஷாப்பில் வேலை ஒன்றுதான். ஆனால் பேனரைப் பார்க்கும் ஊர், அந்தப் பெண் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தில் நடித்தாள் என்று நம்பும். ஒருவர் செய்யாததைச் செய்ததாக, அவர் சம்மதமில்லாமல் பிறரை நம்பவைக்கும் இடத்திலேயே கேடு தொடங்கிவிடுகிறது. படம் ஆபாசமாக இருக்க வேண்டும் என்பதே இல்லை.

“போட்டோ நாங்கள் எடுத்ததுதானே” என்பார்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். உருவத்தின் மீதான உரிமை அதிலும் தனி. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்பதை, 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் “விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்” என்ற வரியை நாங்கள் சம்மதமாகக் கொள்வதில்லை. எந்தப் படம், அதில் என்ன மாற்றம், எங்கே, எத்தனை மாதம் என்று எழுதி, முடிந்த படத்தைக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்க வேண்டும். உடலைத் தந்த மாடலிடமும் அப்படியே. அவரும் ஒரு ஆள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அச்சகத்துக்கு லேயர்கள் தனித்தனியாக இருக்கும் போட்டோஷாப் கோப்பை, அதாவது PSD-யை, அனுப்புவதும் ஆபத்து. மாஸ்க் போட்டு மறைத்த பகுதி அழிவதில்லை. கோப்பைத் திறக்கும் எவரும் மாஸ்க்கை நீக்கி முழுப்படத்தையும் எடுத்துக்கொள்ளலாம். லேயர்களை ஒன்றாக்கிய JPEG போதும்.

உங்கள் முகத்தை யாரோ பயன்படுத்திவிட்டால், அது எந்தப் படத்திலிருந்து போனது என்று முதலில் தேடுங்கள். மூலப்படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து, 50% ஒளிபுகும்படி மேலே வைத்துப் பாருங்கள். கண், மூக்கு, பல்வரிசை, முகத்தின் நிழல் எல்லாம் அச்சாகப் பொருந்தினால் அது வலுவான ஆதாரம். அடுத்தடுத்து எடுத்த இரண்டு ஃபிரேம்கள்கூட அப்படிப் பொருந்துவது அரிது. இணைப்பு, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படமாக இருந்தால் சேமிக்கவே வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இணைப்பை மட்டும் கொடுங்கள்.

பெரியவர்களின் அந்தரங்கப் படம் என்றால், அது பரவாமல் தடுக்க StopNCII.org தளம் உதவும். படம் உங்கள் போனைவிட்டு வெளியேறாது. அதிலிருந்து உருவாகும் அடையாள எண் மட்டும் அங்கே சேர்ந்திருக்கும் இணைய நிறுவனங்களுக்குப் போகும். அதை வைத்து அவர்கள் தங்கள் தளத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பிடிப்பார்கள். வெட்டியோ திருத்தியோ பரப்பிய பிரதியை அந்த எண் பிடிக்காமல் போகலாம். அதனால் கையில் கிடைத்த ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக எண் உருவாக்குங்கள்.