சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் வயிறு புண்ணாகும்

இந்த மாதமும் ஒரு அம்மா. எழுபதைத் தாண்டியவர், சாவகச்சேரிப் பக்கம். தலைசுற்றி விழுந்தவரை மகன் ஓட்டோவில் கொண்டுவந்தார். கண் இமையின் உட்பக்கம் வெளிறிக் கிடந்தது, ஹீமோகுளோபின் 6. நான்கு நாளாக மலம் தார்போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு போயிருக்கிறது. கீரை சாப்பிட்டதால் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். வயிற்று நோ? "ஒரு நாளும் இல்லை டொக்டர்."

முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக் 50 மில்லிகிராம், காலையும் இரவும். பழைய துண்டைக் காட்டி மாதக்கணக்காகப் பாமசியில் வாங்கியிருக்கிறார். இருதயத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த அஸ்பிரின் வேறு. கூடவே வயிற்றைக் காக்கக் கொடுத்த ஒமெப்பிரசோலை, எரிவு இல்லைதானே என்று நிறுத்திவிட்டார். எண்டொஸ்கொப்பியில் இரைப்பையில் புண், அதன் மேல் இரத்தக் கட்டி. அங்கே கசிந்த இரத்தம்தான் மலத்தைக் கறுக்கவைத்தது.

மகன் சொன்னது: "சாப்பிட்டிட்டுத்தான் போடுறவ, டொக்டர்."

எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். சோறு அடியில் இருந்தால் டைக்ளோபெனக் போன்ற நோக்குளிசை வயிற்றைத் தொடாது என்ற நம்பிக்கை. குளிசை வயிற்றில் பட்டு அரிப்பது சிறு பங்குதான். பெரிய பாதிப்பு அது இரத்தத்தில் கலந்த பிறகு வருகிறது: நோவைக் குறைக்கும் அதே வேலை, இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையும் மெலியவைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் மலவாசலில் வைத்தாலும் இதே கதைதான். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல், எரிவு குறையலாம், புண்ணைத் தடுக்காது. அதோடு, நோக்குளிசை புண்ணின் நோவையும் மறைத்துவிடும். அதனால்தான் எரிவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன்.

வயது 65க்கு மேல், முன்பு புண் வந்தவர், அஸ்பிரினோ இரத்தம் உறையாமல் இருக்க வார்பரினோ எடுப்பவர், வாதத்துக்குப் பிரெட்னிசலோனும் சேர்த்து எடுப்பவர்: இவர்களுக்கு இப்படியான நோக்குளிசை அவசியம்தானா என்று முதலில் கேட்க வேண்டும். முழங்காலுக்குப் பூசும் ஜெல் பலருக்குப் போதும். அதில் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குளிசை வேண்டியே இருந்தால் குறைந்த அளவு, குறைந்த நாள். அத்தனை நாளும் ஒமெப்பிரசோல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். நோக்குளிசை சாப்பிட்ட பின், இது சாப்பிட முன். எத்தனை வீட்டில் இரண்டையும் ஒன்றாக விழுங்குகிறார்கள்! வெள்ளைப் பாணி மருந்து எரிவை அடக்கும், அவ்வளவுதான். முன்பு புண் வந்தவர்கள், புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கும் சோதிக்க வேண்டும்.

இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், உண்மை. ஆனால் தார்போல ஒட்டி, கெட்ட நாற்றம் அடித்து, தலையும் சுற்றினால் காலைக் கிளினிக்குக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இருதயத்துக்கான அஸ்பிரினைப் பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

பாமசியில் வாங்குவது எதுவும் கிளினிக் கொப்பியில் இருக்காது. தயவுசெய்து வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.