சீல் உடையவில்லை, சரக்கு குறைகிறது: கன்டெய்னர் சீல் விதியும் டிப்போ வாசல் சோதனையும்

கன்டெய்னரைப் பெற்றுக்கொள்ளும்போது பெரும்பாலான இடங்களில் நடக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: சீல் எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. எண் பொருந்தினால் கையெழுத்து, வண்டி உள்ளே. சரக்குத் திருட்டில் கைதேர்ந்தவர்கள் நம்பியிருப்பது இந்தப் பழக்கத்தைத்தான். அவர்கள் சீலைத் தொடாமலே கதவைத் திறக்கிறார்கள்.

முதலில் விதி. சரக்குக் கன்டெய்னர்களின் இயந்திர சீல்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ 17712. இது சீல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. யாரோ கைவைத்தார்கள் என்று காட்டிக்கொடுக்க மட்டும் உதவுவது ‘ஐ’ வகை. ஓரளவு தடுப்பது ‘எஸ்’ வகை. வெட்டுக்கருவி இல்லாமல் திறக்க முடியாத உயர் பாதுகாப்பு சீல் ‘எச்’ வகை. சர்வதேசச் சரக்குக்குப் போடும் போல்ட் சீல் இந்த ‘எச்’ வகையில்தான் இருக்க வேண்டும். 10 கிலோநியூட்டன் இழுவிசையை, அதாவது ஏறத்தாழ ஒரு டன் எடை தொங்கும் அளவை, அது தாங்க வேண்டும். அதன் அகன்ற பகுதி 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கதவுக் கொண்டியின் துளை வழியாகவே உருவி எடுத்துவிடலாம். தனி எண்ணும் தயாரிப்பாளர் குறியும் ‘எச்’ எழுத்தும் அதன்மேல் பதிந்திருக்க வேண்டும். கப்பலில் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு ஏற்றிய கன்டெய்னர்களுக்கு இந்தத் தரத்திலான சீல் 2008 அக்டோபர் 15 முதல் சட்டப்படி கட்டாயம். உலகச் சுங்க அமைப்பின் ‘சேஃப்’ வரைமுறையும், சரக்கு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் சீலைச் சோதித்துப் பதிவுசெய்யச் சொல்கிறது.

இவ்வளவு வலுவான சீல் இருந்தும் திருட்டு எப்படி நடக்கிறது? கதவின் அமைப்பைப் பார்த்தால் புரியும். கன்டெய்னரின் வலது கதவு இடது கதவின் விளிம்பை மூடியபடி கடைசியாகச் சாத்தப்படுகிறது. அதனால்தான் சீலை எப்போதும் வலது கதவில் போட வேண்டும். இடதில் போட்டால் வலதைத் தாராளமாகத் திறக்கலாம். கதவைப் பிடித்து வைப்பவை மேலிருந்து கீழாக நிற்கும் பூட்டுக் கம்பிகள். கம்பியைத் திருப்ப ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி கதவிலுள்ள கொண்டியில் உட்கார, அங்கே சீல் மாட்டப்படுகிறது. ஆக, சீல் பூட்டுவது கைப்பிடியை மட்டுமே. கைப்பிடியைக் கம்பியோடு இணைப்பது ஒரு ரிவெட். கொண்டியைக் கதவோடு இணைப்பதும் ரிவெட் அல்லது போல்ட்தான். இவற்றில் ஒன்றைத் துளையிட்டு எடுத்தால் சீல் தொங்கியபடியே இருக்க, கம்பி திரும்பிக் கதவு திறந்துவிடும். பெட்டிகளை இறக்கியபின் புது ரிவெட்டோ போல்ட்டோ வைத்து, மேலே பெயின்ட் பூசிவிடுகிறார்கள். எண் மாறுவதில்லை.

சில கன்டெய்னர்களில் கம்பியின் முனை கதவுச் சட்டத்தில் பொருந்தும் இடத்திலும் சீல் துளை இருக்கும். அது இருந்தால் கைப்பிடியை விட்டுவிட்டு அங்கேயே சீல் போடுவது நல்லது. கைப்பிடியைக் கழற்றினாலும் கம்பி திரும்பாது.

வாசலில் செய்ய வேண்டிய சோதனை நான்கு படி: பார், ஒப்பிடு, இழு, திருகு. வரிசையில் பார்ப்பது முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. எண்ணைப் படிப்பதற்கு முன் கைப்பிடி, கொண்டி, கீல் மூன்றிலும் உள்ள ரிவெட் தலைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே வடிவில், ஒரே அளவு துருவும் அழுக்கும் படிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக, பளபளப்பாக, அல்லது ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் தலையாக இருந்தால் நிறுத்துங்கள். சுற்றிலும் பெயின்ட் நிறம் சற்றே மாறியிருப்பதும், விரலால் அழுத்தினால் பசை போல இருப்பதும், துளையிட்ட உலோகத் துகள் ஒட்டியிருப்பதும் அறிகுறிகள். பிறகு எண்ணை ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் பார்ப்பது சோதனை ஆகாது. அடுத்து சீலின் அடிப்பகுதியைப் பிடித்துக் கீழே இழுங்கள். வெட்டி ஒட்டிய சீல் பெரும்பாலும் இங்கேயே கழன்றுவிடும். கடைசியாக இரண்டு பக்கமும் திருகுங்கள்: உள்ளே மரை வெட்டி மீண்டும் பொருத்திய சீல் திருகத் திருகக் கழலும், நல்ல சீல் கழலாது.

கண்ணுக்குத் தப்பியதை எடை காட்டிக்கொடுக்கும். 2016 ஜூலை 1 முதல் கடல்வழி உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சரக்கு நிரம்பிய ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பலில் ஏற்றும் முன் அறிவிக்க வேண்டும். அதுதான் நமக்கு அளவுகோல். ஓர் உதாரணம்: 18 கிலோ பெட்டிகள் 1,000, மரப்பலகையும் தாங்கு கட்டைகளும் 250 கிலோ, காலிக் கன்டெய்னர் 3,750 கிலோ. மொத்தம் 22,000 கிலோ. டிப்போ எடைமேடையில் வண்டியைக் கழித்தபின் 21,640 கிலோ வருகிறது என்றால் 360 கிலோ குறைவு. சரியாக 20 பெட்டி.

ஆனால் வண்டியின் எடையைப் பதிவுப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கழித்தால் இந்தக் கணக்கு பொய்யாகும். 300 லிட்டர் டீசல் மட்டுமே ஏறத்தாழ 250 கிலோ. டாங்க் காலியாக வந்தால் இல்லாத திருட்டு தெரியும்; நிரம்பி வந்தால் நடந்த திருட்டு மறையும். எனவே கன்டெய்னரை இறக்கியதும் அதே மேடையில் வெறும் வண்டியை எடைபோட்டுக் கழிக்க வேண்டும். எடுத்த பெட்டிக்குப் பதில் மணலோ தண்ணீரோ வைத்திருந்தால் எடை பேசாது. அங்கே ரிவெட் சோதனைதான் கைகொடுக்கும்.

சந்தேகம் எழுந்தால் கதவைத் திறக்க அவசரப்படாதீர்கள். கன்டெய்னரை ஒப்படைக்கும் ரசீதில் ‘சீல் எண் சரி, கைப்பிடி ரிவெட் மாற்றப்பட்டுள்ளது, எடை 360 கிலோ குறைவு’ என்று கண்டதை அப்படியே எழுதி ஓட்டுநரின் கையெழுத்தை வாங்குங்கள். குறிப்பு எழுதாமல் வாங்கிவிட்டால், கன்டெய்னர் நல்ல நிலையில் வந்தது என்று நீங்களே சான்று கொடுத்ததாக ஆகும். திறக்கும்போது கப்பல் நிறுவனம், காப்பீட்டு மதிப்பீட்டாளர் இரு தரப்பும் உடனிருக்கட்டும். வெட்டிய சீலின் இரண்டு துண்டையும் உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சுங்கத்துறை சோதனைக்காகச் சீலை வெட்டியிருந்தால் பழைய எண், புதிய எண், நேரம் மூன்றும் ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். இந்தத் தொடர் ஓரிடத்தில் அறுந்தால், யார் பொறுப்பில் இருந்தபோது சரக்கு போனது என்று நிறுவ முடியாது.

கடல்வழிச் சரக்குக்கு, கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தினால், வெளியே தெரியும் இழப்பை எடுத்துக்கொள்ளும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாததற்கு 3 நாள். இரு தரப்பும் சேர்ந்து சோதித்திருந்தால் தனி அறிவிப்பு தேவையில்லை. 3 நாள் தவறினால் உரிமை போய்விடாது. ஆனால் இழப்பை நிரூபிக்கும் சுமை கூடும். வழக்குக்கு ஓராண்டு கெடு. சாலைப் பயணத்தில் நடந்த திருட்டுக்கு அந்தப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் கெடுவே பொருந்தும், அது இன்னும் குறுகியதாக இருக்கலாம்.

ஏற்றுமதியாளர் முன்கூட்டியே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த விதிகளில் இழப்பீட்டு வரம்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது இழந்த சரக்கின் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. கப்பல் ரசீதில் ‘1,000 பெட்டிகள்’ என்று எண்ணிக்கை இருந்தால் மேலே சொன்ன 20 பெட்டிக்கு வரம்பு 13,333 எஸ்.டி.ஆர். வரை போகும், கிடைப்பது உண்மை நட்டம் மட்டுமே என்றாலும் வரம்பு இடிக்காது. எண்ணிக்கை இல்லாமல் ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் இருந்தால் முழுக் கன்டெய்னரும் ஒரே பொதி. அப்போது கிலோ கணக்கே பெரிது: 360 கிலோவுக்கு 720 எஸ்.டி.ஆர்.