கடலோரத்தில் வந்த கழலை

முன்கழுத்துக் கழலை என்றாலே மலைநாட்டு நோய் என்றுதான் படித்திருப்போம். மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் விளைந்ததை உண்பவர்களுக்குக் கழுத்து வீங்கும். இமயமலைச் சரிவில் காங்ரா பள்ளத்தாக்கில் அப்படித்தான் நடந்தது. ஆனால் 1960களில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் மருத்துவர்கள் கண்டது இதற்கு நேர்மாறு. அங்கே கழலை வந்தது கடலை ஒட்டிய மீனவ ஊர்களில், அயோடினுக்குப் பஞ்சமே இல்லாதவர்களுக்கு.

காரணம் அவர்கள் தினமும் உண்ட கொன்பு. கெல்ப் வகையைச் சேர்ந்த இந்தப் பழுப்புக் கடற்பாசி, கடல்நீரில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு அயோடினைத் தன்னுள் சேர்த்துவைக்கும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். காய்ந்த கொன்பு ஒரு கிராமிலேயே சுமார் 2,000 மைக்ரோகிராம் இருக்கலாம். அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத் தேவை. சுஷியைச் சுற்றும் நோரி அப்படியல்ல, அதில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். கொன்பைக் கொதிக்கவைத்தால் அயோடினில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் பாசியை எடுத்துப் போட்டுவிட்டு அந்தச் சாற்றை மட்டும் குடித்தாலும் அயோடின் உடம்புக்குள் போய்விடும்.

தைராய்டு சுரப்பி ரத்தத்திலிருந்து அயோடைடை உறிஞ்சி, ஒரு நொதியின் உதவியால் புரதத்தோடு கோத்து ஹார்மோன் செய்கிறது. அயோடின் குறைந்தால் ஹார்மோன் குறையும். உடனே பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டி, இன்னும் வேலை செய் என்று தைராய்டை விரட்டும். அந்த விரட்டலில்தான் அது பருத்துக் கழலையாகிறது. மலைநாட்டுக் கதை இதுதான்.

அயோடின் திடீரென்று வெள்ளமாக வந்தால் என்ன ஆகும்? நிறைய ஹார்மோன் சுரக்கும் என்றுதான் தோன்றும். 1948இல் வுல்ஃப், சைக்கோஃப் என்ற இருவர் எலிகளில் பார்த்தது வேறு. சுரப்பிக்குள் அயோடைடு அளவு மீறியதும் கோக்கும் வேலையே நின்றுபோனது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ஓரிரு நாளில் சுரப்பி தன் உறிஞ்சும் பம்புகளைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே அயோடைடு வடியும். வேலை மறுபடி தொடங்கும். கடற்பாசி உண்ணும் ஜப்பானியரில் பெரும்பாலோர் நலமாக இருப்பது இந்தத் தப்பித்தலால்தான்.

சிலருக்கு மட்டும் அது நடப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புசக்தியே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் இருப்பவர்கள் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் சுரப்பியின் பம்பு குறைவதில்லை, தடை நீடிக்கிறது, டி.எஸ்.எச். ஏறுகிறது. ஜப்பானில் இப்படி வந்தவர்களில் பலருக்குக் கடற்பாசியை நிறுத்தியதுமே, மாத்திரையின்றி, சில வாரங்களில் அளவுகள் சரியாயின.

நம் ஊரில் கொன்பு யாரும் சாப்பிடுவதில்லை, ஆனால் ‘தைராய்டுக்கு நல்லது’ என்று கெல்ப் மாத்திரை வாங்குகிறார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். ஹஷிமோட்டோ உள்ள ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். அவர் சுரப்பி பாதி வேலை செய்கிறது, மீதியைத் தைராக்ஸின் மாத்திரை ஈடுகட்டுகிறது. கெல்ப் மாத்திரையைத் தொடங்குகிறார். அந்தப் பாதியும் படுத்துவிட, டி.எஸ்.எச். ஏறுகிறது. விஷயம் தெரியாத மருத்துவர் தைராக்ஸினைக் கூட்டுகிறார். பிறகு ஒருநாள் அந்தப் பெண் கெல்ப்பை நிறுத்துகிறார். சுரப்பி மீண்டுவிட, கூட்டிய டோஸ் இப்போது அதிகம்: படபடப்பு, தூக்கமின்மை, எடைக்குறைவு. எதைச் சாப்பிடுகிறோம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தால், கெல்ப்பை நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்திருப்பார்கள். இத்தனைக்கும் தைராக்ஸினின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். மாத்திரை போடுபவருக்குக் கெல்ப் கொடுப்பதற்கு எதுவுமில்லை. சமையலில் அயோடின் உப்பு போதும், அதை நிறுத்தவும் வேண்டாம்.

தைராய்டில் தன்னிச்சையாகச் சுரக்கும் கட்டிகள் உள்ளவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கம். அவற்றுக்குத் தடை பிடிக்காது. வந்த அயோடினெல்லாம் ஹார்மோனாகிவிடும். 2009இல் ஆஸ்திரேலியாவில் கொன்பு சேர்த்த ஒரு சோயா பாலை, தைராய்டு பாதிப்புகள் தெரிந்தபின் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன் ஒன்று இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவு சொல்வார்கள். சாதாரண அயோடினால் நிறைந்த திசு மருந்தை உறிஞ்சாது. அந்த நாட்களில் கெல்ப் மட்டுமல்ல, மன்னார் வளைகுடாப் பாசியிலிருந்தும் எடுக்கப்படும் அகர் அகர், அதாவது ஜெல்லிக்கும் ரமலான் பானத்துக்கும் போடும் சைனா கிராஸும் விலக்கப்பட்ட பட்டியலில் உண்டு.