கடிதத்தில் ‘சபாட்டிக்கல்’ என்றிருந்தால் போதுமா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று கல்லூரி விரிவுரையாளர்களாகவும் அலுவலக ஊழியர்களாகவும் இருப்பவர்கள் பலர், சபாட்டிக்கல் என்றாலே சம்பளத்தோடு கிடைக்கும் நீண்ட ஓய்வு என்று எண்ணிக்கொண்டுதான் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள். ஏழாம் ஆண்டில் நிலத்தைப் பயிரிடாமல் விட்ட யூதர் வழக்கத்திலிருந்து வந்தது இச்சொல். 1880இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அதைத் தன் பேராசிரியர்களுக்கான விடுப்பாக்கியது. பல்கலைக்கழகங்களில் அதற்கு இன்றும் கல்விப் பொருள் உண்டு: விண்ணப்பிப்பவர் ஆய்வுத் திட்டம் தர வேண்டும், திரும்பியதும் அறிக்கை அளிக்க வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் நிலைமை வேறு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் விடுப்பு என்று வரையறுக்கிறதே தவிர, சபாட்டிக்கல் தர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே, நிறுவனம் தரும் கடிதத்தில் உள்ளதுதான் ஊழியரின் உரிமை.

சென்ற ஆண்டு ஒரு பெண்மணி அப்படியொரு கடிதத்தோடு வந்தார். ஒன்பது ஆண்டுப் பணி, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட், ஆறு மாத விடுப்பு. “சம்பளம் வருமா?” என்று கேட்டேன். “வரும் என்றுதான் மேலாளர் வாயால் சொன்னார், ஐயா” என்றார். கடிதத்திலோ அங்கீகரிக்கப்பட்ட விடுப்பு என்ற சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை.

தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முழுச் சம்பளத்துக்கு அவர் தரப்பில் 11 விழுக்காடும் நிறுவனத்தின் தரப்பில் 13 விழுக்காடுமாக, மாதம் 960 ரிங்கிட் அவருடைய ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. அரைச் சம்பளமென்றால் அது 480 ரிங்கிட். சம்பளமே இல்லையென்றால் ஒன்றும் இல்லை. ஆறு மாதங்களில் சேமநிதியில் மட்டும் 5,760 ரிங்கிட் குறையும். சம்பளம் இல்லாத மாதங்களில் சொக்சோ சந்தாவும் நின்றுவிடும். பால்மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் மரத்துக்கு ஓய்வு, வெட்டுபவர் வீட்டில் வருமானக் குறைவு என்பதைப் பார்த்தே வளர்ந்த அவருக்கு, இதை மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை தந்தது திரும்பும் நாள். அதே பதவியும் அதே சம்பளமும் கிடைக்குமா, ஒன்பது ஆண்டுப் பணிக்காலம் முறியாமல் தொடருமா, இடையில் பணிநீக்கம் நேர்ந்தால் இழப்பீட்டை எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள், திரும்பியபின் எத்தனை காலம் கட்டாயமாக உழைக்க வேண்டும் என்ற எதற்கும் கடிதத்தில் பதில் இல்லை. ஒப்பந்தக் காலம் முடியும் தறுவாயில் விடுப்பெடுக்கும் தனியார் கல்லூரி விரிவுரையாளர்களிடமும் இதே இடைவெளியைக் காண்கிறேன். விடுப்பு முடிவதற்குள் ஒப்பந்தமே முடிந்துபோனால், திரும்புவதற்கு அவர்களுக்குப் பதவி இருக்காது.

இந்தக் கேள்விகளை எழுத்தில் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, அரைச் சம்பளம், பணிக்காலத் தொடர்ச்சி, அதே பதவி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் வந்தது. இழப்பீட்டைப் பற்றி மட்டும் அதிலும் எதுவும் இல்லை; அதையும் எழுதி வாங்கிய பிறகே அவர் கையெழுத்திட்டார்.